11 வாரம் வளர்த்த புருவம், இரண்டே இழுப்பில்

ஈசூன்வாசி
உயர்நிலை இரண்டில் ட்வீசரைத் தொட்டவள், 31 வயதுவரை விடவில்லை. இந்த ஆகஸ்டில்தான் நிறுத்தினேன். முதல் ஐந்து வாரம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் இமைப் பக்கமாக, கோட்டுக்குக் கீழே, குச்சி குச்சியாக முளைத்தது. பார்க்க அசிங்கம்தான். ஆனால் பழைய அகலம் திரும்ப வேண்டுமென்றால் அந்த முடிதான் வேண்டும் என்று கை வைக்காமல் இருந்தேன்.

தீபாவளிக்கு முந்தைய வாரம் தேக்காவில் ஒரு கடைக்கு மேலுதட்டு முடி எடுக்கப் போனேன். கூட்டம். கண்ணை மூடிச் சாய்ந்திருந்தேன். "இதையும் கொஞ்சம் கிளீன் பண்ணிடுறேன்மா" என்ற குரல் கேட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் வலது புருவத்தின் கீழே நூல் இரண்டு முறை இழுத்துவிட்டது. கண்ணாடியில் பார்த்தபோது இடது பக்கம் 11 வார முடி, வலது பக்கம் சிவந்த தோல். ஒரு வார்த்தை சொல்லாமல் காசு கொடுத்துவிட்டு வந்தேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது. சீரம் போட்டால் வலது பக்கம் சீக்கிரம் எட்டிப் பிடிக்குமா? இரண்டு பக்கமும் புருவத்தின் வால்நுனி வேறு காலி.

விளக்கெண்ணெய் ரசிகை
சீரத்துக்குச் செலவழிக்காதீர்கள். ராத்திரி ஒரு சொட்டு விளக்கெண்ணெய் தடவினேன், மூன்று மாதத்தில் எனக்கு முழுசாக வந்துவிட்டது. அந்த மூன்று மாதமும் ஒரு முடிகூடப் பிடுங்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

20 வருடம் நூல் பிடித்தவள்
தங்கச்சி, முதலில் அந்தக் கடைக்காரர் சார்பில் நான் மன்னிப்புக் கேட்கிறேன். கேட்காமல் நூல் வைக்கக் கூடாது. நான் உட்கார வைத்ததும் பென்சிலால் எல்லை வரைந்து காட்டிவிட்டுத்தான் தொடங்குவேன்.

விளக்கெண்ணெய் சகோதரி, உங்களுக்கு முடி வந்தது பிடுங்காமல் இருந்ததால்தான் என்று நினைக்கிறேன். எண்ணெய் முடிக்குக் கறுப்பும் பளபளப்பும் கொடுக்கும், வேரை எழுப்புமா என்பது சந்தேகம்தான். புருவ முடி சில வாரம் வளர்ந்து, பிறகு மாதக்கணக்கில் ஓய்வெடுக்கும். அதனால் எல்லாம் ஒன்றாக வராது. வலது பக்கத்துக்கு இன்றிலிருந்து நான்கு மாதமாவது கொடுங்கள். நடுவில் 'ஒரே ஒரு முடிதானே' என்று எடுத்தால் அந்த முடிக்கு மறுபடி முதலிலிருந்து கணக்கு.

வால்நுனியை வெளிச்சத்தில் பாருங்கள். பூனைமுடி இருந்தால் நம்பலாம். துளையே தெரியாமல் வழவழவென்று இருந்தால் வேர் போயிருக்கலாம். அங்கே பென்சில்தான். நம் கறுப்பு முடிக்குக் கறுப்புப் பென்சில் வேண்டாம், சாம்பல் கலந்த அடர் பழுப்பு எடுங்கள். நுனியைக் கூராகச் சீவி, முடி சாயும் திசையில் சின்னச் சின்னக் கோடுகள். மூக்குப் பக்கம் அழுத்தவே கூடாது, வால்நுனியில் மட்டும் கொஞ்சம் அழுத்தம். பிறகு புருவச் சீப்பால் ஒருமுறை நீவுங்கள். நம்மூர் வெயிலுக்கு, வரைவதற்கு முன்பே சன்ஸ்கிரீன் எண்ணெய்ப்பசையை டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள், வரைந்தபின் நிறமில்லாத பவுடரை லேசாக வையுங்கள். இல்லாவிட்டால் எம்ஆர்டி ஏறுவதற்குள் வால் கன்னத்துக்கு வந்துவிடும்.

ஜூரோங் கிழக்கு
சீரம் வேலை செய்யாது என்று யாரும் சொல்ல வேண்டாம், எனக்குச் செய்தது. ஆனால் இமையோரம் கருத்தது. தூக்கமில்லாததால் என்று நினைத்தேன். ஒருநாள் பெட்டியைப் படித்தபோது, உட்பொருளில் ஒன்றின் பெயர் நடுவில் 'ப்ரோஸ்ட்' என்று இருந்தது. மருந்துக்கடையில் மருந்தாளரிடம் காட்டினேன். கண்ணழுத்த மருந்து வகையைச் சேர்ந்தது, இமையைக் கருக்கும், கண்ணைச் சுற்றிய கொழுப்பையும் குறைக்கலாம் என்றார். நிறுத்தினேன். கருமை மெல்லத்தான் குறைந்தது, வந்த முடியிலும் பாதி உதிர்ந்துவிட்டது. பெப்டைட் சீரம் அப்படிச் செய்யாது என்கிறார்கள். அதில் எனக்கு எதுவும் வளரவுமில்லை.

உட்லண்ட்ஸ் அம்மா
வால்நுனி காலி என்றீர்களே, என் அம்மாவுக்கும் அப்படித்தான். அவர் வாழ்நாளில் ட்வீசரைத் தொட்டதில்லை! பலதுறை மருந்தகத்தில் இரத்தம் எடுத்தபோது தைராய்டு குறைவு என்று தெரிந்தது. நீங்களும் பாருங்கள். களைப்பு, மலச்சிக்கல், குளிர் தாங்காமை இருக்கிறதா? தலைமுடியும் கொட்டுகிறதா? நெற்றியோர முடியும் பின்வாங்கினால் தோல் நிபுணரைக் கேளுங்கள், அது வேறு விஷயம்.

20 வருடம் நூல் பிடித்தவள்
அம்மா, ஈசூன் தங்கச்சி 17 வருடம் பிடுங்கியிருக்கிறார். எல்லாவற்றையும் தைராய்டு என்று சொல்லாதீர்கள்.

உட்லண்ட்ஸ் அம்மா
இரண்டும் சேர்ந்தும் இருக்கலாமே. ஒரு இரத்தப் பரிசோதனைதானே.

ஈசூன்வாசி
நேற்றிரவு கைப்பேசி டார்ச் அடித்துப் பார்த்தேன். வலது வால்நுனியில் நான்கு பூனைமுடி, இடதில் வழவழப்புத்தான். களைப்பு இருக்கிறது, வேலையால் என்று விட்டிருந்தேன். பரிசோதனைக்கு வியாழக்கிழமை நேரம் கிடைத்தது. சீரம் இப்போதைக்கு வாங்கவில்லை. அக்கா, அந்த வழவழப்பான இடத்தில் கோடு போட்டால் தோலில் ஒட்டவே மாட்டேன் என்கிறது, வழுக்குகிறது. பவுடரை முதலில் வைத்துவிட்டு வரையலாமா?