27 மைனா

(தக்கலைப் பக்கத்து ஒரு தெருவின் வாட்ஸ்அப் குழு, மார்ச் மாதம், புதன்கிழமை)

சுனில், மாலை 6:12
ஷீபா டீச்சர், மகன் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வராததுமாக "இன்றைக்கு ஜன்னலில் 27 மைனா பார்த்தோம்" என்கிறான். நம்ம தெரு முழுக்கத் தேடினாலும் அத்தனை இருக்குமா? மெச்சுவதா திட்டுவதா என்று தெரியவில்லை 😄

முருகன், மாலை 6:15
ஏன் இருக்காது? அந்தி நேரத்தில் ஜங்ஷன் ஆலமரத்தடியில் போய் நில். மைனாச் சத்தத்தில் பஸ் ஹாரன் கேட்காது.

ஷீபா டீச்சர், மாலை 6:31
அது அடைய வருகிற கூட்டம் அண்ணா. இது காலை 11 மணி. நோட்டில் இருப்பதை அப்படியே சொல்கிறேன். வகுப்பு ஜன்னலுக்கு வெளியே தீனி வைத்துக் கட்டியிருக்கிற சிரட்டைக்கு 15 நிமிடத்தில் மைனா வந்தது 9 தடவை. ஒவ்வொரு தடவையும் எத்தனை என்றால் 3, 3, 2, 3, 4, 3, 3, 2, 4. பிள்ளைகள் கூட்டிவிட்டார்கள். கூட்டல் சரி, 27 தான் வரும். கூட்டினதுதான் தப்பு.

சுனில், மாலை 6:33
அப்போ திருத்தவில்லையா?

ஷீபா டீச்சர், மாலை 6:38
வேண்டுமென்றே விட்டேன். நானே சிவப்பு மையில் 4 என்று போட்டால் நாளைக்கு அவர்கள் ஜன்னலைப் பார்க்க மாட்டார்கள், என் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

முருகன், மாலை 6:40
சரி, அப்போ மைனா மொத்தம் 4. கணக்கு முடிந்தது.

பிபின், மாலை 6:52
முடியவில்லை அண்ணா. குறைந்தது 4, அவ்வளவுதான் சொல்லலாம். ஐந்தாவது ஒன்று முருங்கை மரத்தில் முறை வருவதற்காகக் காத்திருந்திருக்கலாம்.

தேரூர் குளத்தில் நாங்கள் பறவை எண்ணும்போது வாத்தும் கொக்கும் தண்ணீரில் பரந்து கிடக்கும். இந்த ஓரத்தில் தொடங்கி அந்த ஓரம் வரைக்கும் எண்ணிக்கொண்டே போகலாம். தீனி வைத்த இடத்தில் அது நடக்காது. நாம் ஒரே இடத்தில் இருக்கிறோம், பறவைதான் போய்ப் போய் வருகிறது. ஒவ்வொரு வரவையும் கூட்டினால் பறவையை எண்ணினதாக ஆகாது, அதன் பசியை எண்ணினதாகத்தான் ஆகும். அதனால் ஒரே நேரத்தில் கண்ணுக்குத் தெரிந்ததில் எது பெரிய எண்ணோ அதை மட்டும் எழுத வேண்டும். அமெரிக்காவில் கார்னெல் பறவையியல் ஆய்வகம் நடத்தும் ஃபீடர்வாட்ச் கணக்கெடுப்பிலும் இதே விதிதான். டீச்சர் நோட்டில் அந்தப் பெரிய எண் 4.

லலிதா அக்கா, மாலை 6:55
ஜன்னல் என்றதும் ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடியை ஒரு வண்ணாத்திக்குருவி விடியற்காலை 6 மணிக்கே வந்து கொத்துகிறது. பசியாக இருக்குமா? நானும் சிரட்டை கட்டட்டுமா?

பிபின், மாலை 6:59
பசி இல்லை அக்கா. இது அது கூடு கட்டுகிற காலம். கண்ணாடியில் தெரிகிற தன் உருவத்தை வேறொரு ஆண் குருவி என்று நினைத்துச் சண்டைக்கு நிற்கிறது. வெளிப்பக்கமாக ஒரு பழைய சேலையைத் தொங்கவிடுங்கள், உருவம் தெரியாவிட்டால் போய்விடும். அதற்குச் சிரட்டை எதற்கு? அது புழு பூச்சி தின்கிறது, அரிசியைத் திரும்பிப் பார்க்காது.

லலிதா அக்கா, மாலை 7:01
நான் மூன்று நாளாக ஜன்னல் திட்டில் சோறு வைக்கிறேன் 🤦‍♀️ எல்லாம் காக்கா தின்றிருக்கிறது.

சுனில், மாலை 7:04
டீச்சர், அந்தப் 15 நிமிடமும் பிள்ளைகள் சும்மா இருக்கிறார்களா? வீட்டில் இவனுக்கு 2 நிமிடம் தாங்காது.

ஷீபா டீச்சர், மாலை 7:20
முதலில் இருக்கவே இல்லை. சிரட்டை கட்டி நாலு நாள் ஒரு குஞ்சு கூட எட்டிப் பார்க்கவில்லை. நோட்டில் 0, 0, 0, 0. சும்மா உட்கார்ந்து சலித்துப் போய் ஒருத்தி "மயில் 1" என்று எழுதிவிட்டாள். நான் கோபப்படவில்லை. "மயில் சிரட்டையில் ஏறி உட்கார்ந்ததா, வால் எந்தப் பக்கம் தொங்கியது?" என்று கேட்டேன். அவளே அழித்து 0 போட்டாள். அன்றிலிருந்து ஒரு விதி வைத்தேன்: பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அது என்ன செய்தது என்று ஒரு வரி எழுத வேண்டும். பொய்யாக எழுதுகிறவர்கள் அந்த வரியில் மாட்டிக்கொள்கிறார்கள்.

இப்போது மூன்று மூன்று பேராக உட்காருகிறார்கள். ஒருவர் வாய்க்குள் எண்ணுவார், ஒருவர் எழுதுவார், ஒருவர் கடிகாரம் பார்ப்பார். 5 நிமிடத்துக்கு ஒரு முறை ஆள் மாறும். 15 நிமிடத்தை ஒரே ஆள் தாங்குவது எனக்கே கஷ்டம்.

முருகன், மாலை 7:24
தீனி என்ன வைக்கிறீர்கள்? எங்கள் கடையில் மிச்சம் வருகிற மிக்சர் நிறைய இருக்கிறது, கொடுத்துவிடுகிறேன்.

ஷீபா டீச்சர், மாலை 7:29
வேண்டாம் அண்ணா, அதில் உப்பும் எண்ணெயும். ஒரு கைப்பிடி குறுணையும் பாதி மட்டிப் பழமும் போதும். மைனா அந்தப் பழத்துக்குத்தான் வருகிறது. முதல் வாரம் அதிலும் ஒரு கோளாறு. மழை பெய்து சிரட்டையில் தண்ணீர் தேங்கி, மறுநாள் குறுணை புளித்த வாடை அடித்தது. கண் இல்லாத பாதியைக் கட்டியிருந்தேன். இப்போது கண் உள்ள பாதியைக் கட்டி, கம்பியால் குத்தினால் உள்ளே போகிற அந்த மெல்லிய கண்ணைத் திறந்துவிட்டோம். தண்ணீர் நிற்பதில்லை. சாயங்காலம் கொட்டிக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் பிள்ளைகள் வீட்டுக்குப் போக வேண்டும்.

முருகன், மாலை 7:32
எறும்பு வருமே. கயிற்றில் கொஞ்சம் கிரீஸ் தேய்த்துவிடுங்கள்.

பிபின், மாலை 7:35
எறும்பு நிற்கும், ஆனால் கிரீஸ் இறகில் ஒட்டினால் பறவை அதை நீக்க முடியாமல் கஷ்டப்படும். கயிற்றின் நடுவில் ஒரு பாட்டில் மூடியைக் கோர்த்து, ஓட்டையை மெழுகால் அடைத்துத் தண்ணீர் ஊற்றி வையுங்கள். வெயிலில் வற்றும், தினமும் நிரப்ப வேண்டும்.

ஷீபா டீச்சர், மாலை 7:41
அதையும் பார்க்கிறேன். பிபின், ஒரு சந்தேகம். வருகிற மைனாவில் ஒன்றுக்குத் தலையில் இறகே இல்லை, மஞ்சள் தோல் தெரிகிறது. பிள்ளைகள் மொட்டை மைனா என்று பெயர் வைத்துவிட்டார்கள். இன்றைக்கு 9 தடவையில் 6 தடவை மொட்டை இருந்தது என்று சுனில் மகன் தனியாகக் கோடு போட்டு வைத்திருக்கிறான். இதை வைத்து ஏதாவது சொல்லலாமா?

பிபின், மாலை 7:48
அட, அதுதான் டீச்சர் சான்று! 27-உம் வேறு வேறு மைனா என்றால் நம்ம ஊரில் 6 மொட்டை மைனா இருக்க வேண்டும். ஒன்றே திரும்பத் திரும்ப வந்தது என்பதுதான் நம்பும்படி இருக்கிறது. மற்றதும் அப்படித்தான் வந்திருக்கும் என்று பிள்ளைகளே பிடித்துவிடுவார்கள். நாளைக்கு அந்தக் கோட்டை மட்டும் கரும்பலகையில் போட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள்.

லலிதா அக்கா, மாலை 7:50
பாவம், தலைக்கு என்ன ஆச்சு? நோயா? பிள்ளைகளுக்கு ஒட்டுமா?

பிபின், மாலை 7:53
இறகு உதிர்கிற பருவமாக இருக்கலாம், செள்ளாகவும் இருக்கலாம். நேரில் பார்க்காமல் சொல்ல முடியாது. புது இறகு முளைக்கிறதா என்று சில வாரம் பார்க்கட்டும். சிரட்டையைத் தொட்டவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும், அது எப்படியும் செய்ய வேண்டியதுதான்.

முருகன், மாலை 7:55
இரண்டு மொட்டை இருந்தால் என்ன செய்வாய்?

பிபின், மாலை 7:56
இருந்தால் என் கணக்கு போச்சு அண்ணா 😄 இரண்டும் ஒரே நேரத்தில் வந்து உட்காருகிற வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான்.

சுனில், மாலை 8:10
இவனைச் சாப்பிடக் கூப்பிட்டேன். அடுக்களை ஜன்னலில் பல்லியை எண்ணிக்கொண்டு இருக்கிறான். இதுவரை 2, ஆனால் ஒன்றுக்கு வால் இல்லையாம், இன்னும் 6 நிமிடம் பாக்கியாம்.