புதுப்பிப்பு: 89 காட்டிய பேட்டரி இப்போது 93

அன்று நான் கேட்டது: "நாலு வருஷ எலெக்ட்ரிக் கார், தினமும் சார்ஜை 80 சதவீதத்திலேயே நிறுத்துகிறேன். அப்படியும் SOH, அதாவது புதிதாக இருந்தபோதோடு ஒப்பிட்டால் பேட்டரியில் மீதியுள்ள கொள்ளளவு, 89 சதவீதம் காட்டுகிறதே, பேட்டரி போய்விட்டதா?"

80ஐத் தாண்டவே கூடாது என்றார் ஒருவர். நிக்கல் கலந்த லித்தியம் வகைக்கு அது நல்ல பழக்கம்தான். ஆனால் என்னுடையது எல்எஃப்பி, அதாவது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. சர்வீஸ் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் சரியாகப் பிடித்தார்: இந்த வகையில் சார்ஜின் நடுப்பகுதி முழுக்க வோல்டேஜ் ஏறக்குறைய ஒன்றுதான், அதை வைத்து சார்ஜ் அளவைச் சொல்ல முடியாது. உள்ளே போன, வெளியே வந்த மின்சாரத்தைக் கூட்டிக் கழித்துத்தான் கார் அதைக் கணக்குப் போடுகிறது. சின்னப் பிழைகள் சேரும். 100ஐ நெருங்கும்போது வோல்டேஜ் சட்டென ஏறும், அங்கேதான் கணக்கைத் திருத்திக்கொள்ளும். நான் மாதக்கணக்கில் அங்கே போகவே விடவில்லை.

அதனால் 12 சதவீதம் வரை ஓட்டிவிட்டு, வீட்டில் மெதுவாக 100 வரை ஏற்றினேன். 100 வந்த பிறகும் பிளக்கைப் பிடுங்காமல் இரண்டு மணி நேரம் விட்டேன், செல்கள் சமமாகட்டும் என்று. மூன்று வாரம் இப்படிச் செய்ததில் 93.

மீதி 7 உண்மையான தேய்மானம் என்றே நினைக்கிறேன். முதல் ஓரிரு வருடத்தில் வேகமாகக் குறைந்து அப்புறம் மெதுவாவது வழக்கம். இனி வாரம் ஒருமுறை 100. முழுதாக ஏற்றி வெயிலில் நாள்கணக்கில் நிறுத்த மாட்டேன்.

ஸ்கூட்டர் பற்றிக் கேட்ட தம்பி, முதலில் உன் பேட்டரி எந்த வகை என்று பார்த்துச் சொல்.