மேட்டுப்பாளையம் நடுவில் வந்தால் விடை 57 ஆகிறது, புத்தகத்தில் 45. உதவுங்கள்

குன்னூர் மாணவன்:
நாளை மறுநாள் தேர்வு. ஊட்டியிலும் கோத்தகிரியிலும் உள்ள கேரட்டை மேட்டுப்பாளையம் வழியாகவோ நேரடியாகவோ கோவைக்கும் திருப்பூருக்கும் மிகக் குறைந்த செலவில் அனுப்பும் கணக்கில் எனக்கு 57 வருகிறது. என் குறிப்பில் "நடுவில் ஊர் இருந்தால் டிரான்ஸ்ஷிப்மென்ட், இல்லாவிட்டால் டிரான்ஸ்போர்ட்டேஷன், சதுர அட்டவணை என்றால் அசைன்மென்ட்" என்று எழுதி வைத்திருக்கிறேன். எங்கே தவறு?

லவ்டேல்:
எத்தனை லோடு, எந்த வழிக்கு என்ன செலவு என்று சொல்லாமல் தவறு எங்கே என்று கேட்டால் யார்தான் சொல்ல முடியும்?

குன்னூர் மாணவன்:
மன்னிக்கவும். ஊட்டியில் 6 லோடு, கோத்தகிரியில் 4; கோவைக்கு 7, திருப்பூருக்கு 3 வேண்டும். லோடு ஒன்றுக்கான செலவு, நூறு ரூபாயில்:

```
              மேட்டு.  கோவை  திருப்பூர்
ஊட்டி            3      6       9
கோத்தகிரி        2      3       7
மேட்டு.          0      2       3
```

அரவேணு:
மூன்று வரிசை, மூன்று நிரல். சதுரமாக இருப்பதால் அசைன்மென்டுக்கான ஹங்கேரியன் முறையில் போட்டுப் பாருங்கள், ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

உதகை ஓய்வாசிரியர்:
அட்டவணை சதுரமாக இருப்பதும் கணக்கு அசைன்மென்ட் ஆவதும் வேறு வேறு. மூன்று ஓட்டுநர்களுக்கு மூன்று வண்டிகளை ஆளுக்கு ஒன்றாகக் கொடுக்கும்போது ஒவ்வொரு வரிசையின் வழங்கலும் ஒவ்வொரு நிரலின் தேவையும் 1, அதுதான் அசைன்மென்ட். அதையும் டிரான்ஸ்போர்ட்டேஷனாகப் போடலாம் என்றாலும், 3+3−1, அதாவது 5 கட்டங்கள் நிரம்ப வேண்டிய இடத்தில் மூன்றே நிரம்பும் என்பதால், மீதி இரண்டில் பூஜ்ஜியத்தை அமர்த்திக்கொண்டு தடுமாறுவீர்கள். இங்கே ஊட்டியில் 6 லோடு இருக்கும்போது ஹங்கேரியன் முறைக்கு வேலையே இல்லை.

தம்பி, மேட்டுப்பாளையத்தின் வரிசையிலும் நிரலிலும் வழங்கல், தேவை என்று என்ன எழுதினீர்கள்?

குன்னூர் மாணவன்:
அங்கே எதுவும் விளையவும் இல்லை, விற்கவும் இல்லை என்பதால் இரண்டிலும் 0 எழுதினேன்.

உதகை ஓய்வாசிரியர்:
எத்தனை ஆண்டு பாடம் நடத்தினாலும் இந்தப் பூஜ்ஜியம் மட்டும் போகவே மாட்டேன் என்கிறது. நிரலின் தேவை 0 என்றால் ஒரு லோடுகூட அங்கே இறங்க முடியாது. மண்டிக்குப் பூட்டுப் போட்டதற்குச் சமம். அதனால் எல்லாம் நேரடியாகப் போய் 12+18+27=57 ஆயிற்று. மொத்தச் சரக்கான 10-ஐ அந்த வரிசைக்கும் நிரலுக்கும் சேர்த்துவிட்டு, பிறகு வழக்கமான டிரான்ஸ்போர்ட்டேஷன் முறையிலேயே போடுங்கள். கோத்தகிரியின் 4 நேராகக் கோவைக்கும், ஊட்டியின் 6 மேட்டுப்பாளையத்தில் இறங்கி மும்மூன்றாகக் கோவைக்கும் திருப்பூருக்கும் போகும்: 12+18+6+9=45. மேட்டுப்பாளையத்திலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு என்ற கட்டத்தில் 4 நின்றால் பயப்படாதீர்கள்; அது பயன்படாத இடம், சரக்கன்று.

லவ்டேல்:
இவ்வளவு சுற்றுவானேன்? ஊட்டி–கோவை 5, ஊட்டி–திருப்பூர் 6, கோத்தகிரி–கோவை 3, கோத்தகிரி–திருப்பூர் 5 என்று மிகக் குறைந்த வழிச்செலவை எடுத்து இரண்டுக்கு இரண்டு அட்டவணையாகப் போட்டாலும் 45 தான் வரும். டிரான்ஸ்ஷிப்மென்ட் என்று தனியாக ஒன்று இருப்பதாகவே நான் நினைக்கவில்லை.

உதகை ஓய்வாசிரியர்:
மண்டிக்கு அளவு இல்லாதவரைதான் உங்கள் குறுக்குவழி செல்லும். அங்கே 5 லோடுதான் கையாள முடியும் என்றால் 10-க்குப் பதில் 5 எழுதினால் போதும். ஊட்டியின் ஒரு லோடு நேராகக் கோவைக்குப் போய்ச் செலவு 46 ஆகும். உங்கள் இரண்டுக்கு இரண்டு அட்டவணையில் அந்த 5-ஐ எங்கே எழுதுவீர்கள்?

லவ்டேல்:
வினாவில் இல்லாத வரம்பை நீங்களே சேர்த்துக்கொண்டு என்னைக் கேட்கிறீர்கள்.

கோத்தகிரி வண்டிக்காரர்:
நான் படித்தவன் அல்லன், பிக்கப் ஓட்டுகிறேன். ஊட்டியிலிருந்தோ கோத்தகிரியிலிருந்தோ கோவைக்கு நேரடியாகப் போனாலும் பொதுவாக மேட்டுப்பாளையத்தைத் தாண்டித்தானே போக வேண்டும்? பிறகு "நேரடி" என்பது எது?

உதகை ஓய்வாசிரியர்:
நல்ல கேள்வி, ஐயா. வண்டி எந்த ஊரைக் கடக்கிறது என்பது கணக்குக்கு வேண்டாம். சரக்கு அங்கே இறங்கி வேறு வண்டியில் ஏறுகிறதா என்பதே வேண்டும். தம்பியின் குறிப்பில் "நடுவில் ஊர் இருந்தால்" என்பதை அடித்துவிட்டு, "ஓர் ஊர் சரக்கை வாங்கவும் மறுபடி அனுப்பவும் முடிந்தால்" என்று எழுதச் சொல்லுங்கள்.

கோத்தகிரி வண்டிக்காரர்:
அப்படி இறக்கி ஏற்றினால் லோடுக்கு நூறு ரூபாயாவது கூலி கேட்பார்களே. அதை அட்டவணையில் காணோம். அதைச் சேர்த்தால் ஊட்டிச் சரக்கைக் கோவைக்கு நேராக அனுப்புவதும் 6, இறக்கி ஏற்றுவதும் 6 ஆகிவிடுகிறது. அப்போது எதை எடுப்பது?

குன்னூர் மாணவன்:
10 போட்டேன், 45 வந்துவிட்டது. குறிப்பையும் திருத்திவிட்டேன். நன்றி ஐயா.