இரண்டும் பாதியானால் பங்கு எப்படிச் சமமாகும்?

நெய்தல்: ஒரே லிங்க்கில் ஓடும் டிசிபி கனெக்‌ஷன்கள் கடைசியில் சமமாகப் பங்கு பெறும் என்கிறார்கள். அப்படி இரண்டு இருக்கின்றன. ஒன்றின் விண்டோ, அதாவது பதில் வருமுன் அனுப்பிவைக்கும் அளவு, 80 பாக்கெட், மற்றதன் விண்டோ 20. நெரிசலில் பாக்கெட் டிராப் ஆனதும் இரண்டும் பாதியாகி 40, 10 ஆகிறது. விகிதம் அதே 4:1 தானே? அப்புறம் எப்படிச் சமமாகும்?

கார்முகில்: ரௌட்டர்தான் பிரித்துக் கொடுக்கும். யார் அதிகம் அனுப்புகிறாரோ அவருடையதைத் தள்ளிவிடும்.

அலைவரிசை: கார்முகில், சாதாரண ரௌட்டர் அப்படிக் கணக்கு வைத்துக்கொள்வதில்லை. க்யூ நிரம்பினால் அடுத்து வருவதைக் கீழே போடும். பெரிய ஃப்ளோவின், அதாவது கனெக்‌ஷனின், பாக்கெட் அதிகம் என்பதால் அதற்கு அடி விழ வாய்ப்பும் அதிகம், அந்த அளவுக்கு நீங்கள் சொல்வது சரி.

நெய்தல், இறங்கியதோடு நின்றுவிட்டீர்கள். லிங்க் 100 தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். 40, 10 ஆனபின் 50 காலியாக இருக்கிறது. பாக்கெட் போய்ப் பதில் வரும் நேரமான ஆர்டிடிக்கு ஒன்று வீதம் இரண்டும் ஏறினால் 25 சுற்றில் 65, 35. மறுபடி டிராப்: 32.5, 17.5. இன்னொரு 25 சுற்று: 57.5, 42.5. இடைவெளி 60 இருந்தது, 30 ஆனது, இப்போது 15. ஏறும்போது இருவருக்கும் ஒரே அளவு கூடுவதால் இடைவெளி அப்படியே நிற்கும். இறங்கும்போது பெரியது அதிகம் இழப்பதால் பாதியாகும்.

நெய்தல்: சரி, ஏறுவதும் விகிதப்படி இருந்தால் லிங்க் சீக்கிரம் நிரம்புமே?

அலைவரிசை: நிரம்பும். ஆனால் நீங்கள் பயந்த 4:1 அப்படியே உறைந்துவிடும். இறங்குவதையும் ஒரே அளவாகக் கழித்தால் 60 இடைவெளி குறையவே குறையாது. ஆய்வாளர்கள் சியூவும் ஜெயினும் 1989-இல் இதைத்தான் வரைபடத்தில் காட்டினார்கள்.

மருதம்: எங்கள் ஆபீஸில் ஒருவர் டவுன்லோட் மேனேஜரில் 8 கனெக்‌ஷன் திறக்கிறார், எனக்கு ஒன்றுதான். லைனில் ஒன்பதில் எட்டு பங்கு அவருக்கு! இதுவா சமம்?

அலைவரிசை: ஃப்ளோவுக்கு ஃப்ளோ சமம், ஆளுக்கு ஆள் அல்ல. ரௌட்டரின் க்யூவை நிர்வகிக்க `fq_codel` போட்டாலும் அதுவும் ஃப்ளோவாகத்தான் பிரிக்கும். ஆள்வாரியாக வேண்டுமென்றால் லைன் நெரியும் இடத்தில் `cake` போடுங்கள், ஹோஸ்ட்வாரியாகப் பிரிக்கும்.

குறிஞ்சி: ஃப்ளோவுக்கு ஃப்ளோ சமம் என்பதும் ஆர்டிடி ஒன்றாக இருந்தால்தான். 20 மில்லிசெகண்ட் ஃப்ளோ நான்கு படி ஏறும் நேரத்தில் 80 மில்லிசெகண்ட் ஃப்ளோ ஒரு படிதான் ஏறும். இரண்டுக்கும் ஒரே நேரத்தில் டிராப் விழுந்துகொண்டே இருந்தால் விண்டோ நான்கு மடங்கு, வேகம் 16 மடங்கு. `cwnd`, `rtt` இரண்டையும், அதாவது விண்டோவையும் ஆர்டிடியையும், லினக்ஸில் நேரிலேயே பார்க்கலாம்:

```
ss -ti
```

அலைவரிசை: ஒப்புக்கொள்கிறேன், என் கணக்கு ஆர்டிடி ஒன்று என்ற நிபந்தனையில்தான் நிற்கிறது. டிராப் தனித்தனியாக விழுந்து, பாக்கெட்டுக்கான வாய்ப்பு இருவருக்கும் ஒன்றாக இருந்தால் 16 அல்ல, சுமார் 4 மடங்கு. இதெல்லாம் ரீனோ என்ற பழைய டிசிபி முறையின் கணக்கு. லினக்ஸில் வழக்கமாக ஓடும் க்யூபிக் பாதியாக்காமல் 0.7 மடங்குக்கு இறக்கும், நேரத்தை வைத்து ஏறும். அதனால் ஆர்டிடி பாரபட்சம் அதில் குறைவு.

குறிஞ்சி: குறைவுதான், போய்விடவில்லை. தூரத்து சர்வரிலிருந்து எடுப்பவருக்குக் குறைவாகக் கிடைப்பதை நான் சமம் என்று சொல்லமாட்டேன்.

அலைவரிசை: தூரத்து ஃப்ளோ வழியில் அதிக லிங்க்குகளைப் பிடித்துக்கொள்கிறது, அதனால் குறைவாக எடுப்பதே முறை என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அந்தப் பக்கம்தான் சாய்வு.