வினைவகையா, வரிசையா, அடுக்கா? தொடக்க வேக அட்டவணைக்கு ஒரு சொல் வேண்டும்

கரைசல் எழுதியது:

வணக்கம். வேக விதிப் பாடம் ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன், ஓரிடத்தில் சொல் இடிக்கிறது. நம் பாடப்புத்தகம் 'வினைவகை' என்கிறது. முதல் வகை வினை, பூஜ்ய வகை வினை என்று மொத்த வினையைச் சொல்லும்போது பரவாயில்லை. ஆனால் சோதனை அட்டவணையைப் பார்த்து ஒவ்வொரு வினைபடுபொருளுக்கும் தனித்தனியாக ஓர் எண் கண்டுபிடிக்கிறோமே, அதற்கு? 'NO-வைப் பொறுத்து வினைவகை 2' என்று எழுதினால் என்னவோ இரண்டு வகை வினை நடக்கிறது என்பதுபோல் இருக்கிறது.

நான் எடுத்துக்கொண்ட கணக்கு பல புத்தகங்களில் வருவதுதான். 2NO + 2H2 → N2 + 2H2O, 1280 °C. செறிவு M, வேகம் M/s.

```
சோதனை   [NO]       [H2]      தொடக்க வேகம்
1       5.0×10⁻³   2.0×10⁻³   1.3×10⁻⁵
2       10.0×10⁻³  2.0×10⁻³   5.0×10⁻⁵
3       10.0×10⁻³  4.0×10⁻³   10.0×10⁻⁵
```

'அடுக்கு' என்று வைக்கலாமா? கணக்குப் புத்தகத்தில் 2³ என்பதில் 3-ஐ அடுக்கு என்றுதானே படிக்கிறார்கள். இங்கேயும் செறிவின் தலைமேல் உட்கார்ந்திருப்பது அதேதான்.

நெடுவழி எழுதியது:

இதற்கு ஏன் புதுச்சொல்? சமன்பாட்டில் NO-வுக்கு முன்னால் 2 இருக்கிறது, விடையும் 2. அது குணகம், அவ்வளவுதான். 'குணகம்' என்றே போடுங்கள், அட்டவணைகூட வேண்டாம்.

பழைய வாத்தியார் எழுதியது:

தம்பி நெடுவழி, H2-க்கு முன்னாலும் 2 தானே இருக்கிறது? அட்டவணையை ஒருமுறை பாருங்கள். 2-ஆம் சோதனையிலிருந்து 3-க்குப் போகும்போது NO அப்படியே நிற்கிறது, H2 இரட்டிப்பாகிறது, வேகமும் சரியாக இரட்டிப்பாகிறது. அப்படியானால் H2-இன் எண் 1. நீங்கள் சொல்வது பொருந்தும் இடம் ஒன்று உண்டு: வினை ஒரே மோதலில், இடையில் வேறெதுவும் உருவாகாமல் முடிந்தால் குணகமும் இந்த எண்ணும் ஒன்றாகவே இருக்கும். இந்த வினையோ பல படிநிலைகளில் நடப்பது. நான்கு மூலக்கூறுகள் ஒரே நேரத்தில் ஓரிடத்தில் வந்து மோதுவது என்பது நடக்கிற காரியமா?

கரைசல், 'அடுக்கு' எனக்குப் பிடித்திருக்கிறது, ஏனென்றால் சொல்லே கணக்கைப் போட்டுக் காட்டிவிடுகிறது. செறிவு எத்தனை மடங்கானது, அதை எந்த அடுக்குக்கு உயர்த்தினால் வேகம் ஆன மடங்கு வரும்? கேள்வி இவ்வளவுதான். ஆனால் 1-ஐயும் 2-ஐயும் ஒப்பிடும்போது மாணவர்கள் மாட்டிக்கொள்வார்கள் பாருங்கள். 5.0-ஐ 1.3-ஆல் வகுத்தால் 4 வராது, 3.85 வரும். மடக்கை எடுத்தால் அடுக்கு 1.94. உடனே 'சார், விடை 1.94-ஆ?' என்பார்கள். 1.3 என்பது இரண்டு இலக்கத்துக்கு முழுமையாக்கிய எண், உண்மையில் 1.25-ஆகவும் இருந்திருக்கலாம், 1.35-ஆகவும் இருந்திருக்கலாம். 5.0-உம் அப்படித்தான், 4.95 முதல் 5.05 வரை எதுவாகவும் இருந்திருக்கலாம். இந்த இரண்டு இடைவெளிகளையும் வைத்துப் பார்த்தால் அடுக்கு ஏறக்குறைய 1.87 முதல் 2.01 வரை எங்கும் விழும், 2 அதற்குள் அடங்குகிறது. ஆக வேகம் = k[NO]²[H2]. அப்புறம் மூன்று வரியிலும் k கண்டு சரிபார்க்கச் சொல்லுங்கள்: 260, 250, 250. அலகு M⁻² s⁻¹. அடுக்கைத் தப்பாக எடுத்திருந்தால் k வரிக்கு வரி ஓடும். NO-வின் அடுக்கை 1 என்று வைத்துப் போட்டுப் பாருங்கள், முதல் வரிக்கும் இரண்டாம் வரிக்கும் k ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசப்படும்.

யாழ்வாசி எழுதியது:

எங்கட பாடப்புத்தகங்களில் 'தாக்க வரிசை', 'வீத மாறிலி' என்றுதான் இருக்கிறது. NO சார்பான வரிசை 2, H2 சார்பான வரிசை 1, மொத்த வரிசை 3. பிள்ளைகளுக்குக் குழப்பமே வந்ததில்லை. ஏற்கெனவே ஓடுகிற சொல்லை விட்டுவிட்டு ஏன் அலைகிறீர்கள்?

மழைத்துளி எழுதியது:

வரிசை என்றால் எனக்கும் சரி. ஆனால் எது முதலில் நடக்கிறது, எது அடுத்தது என்பதை இந்த அட்டவணையில் எப்படிப் பார்ப்பது? NO முதலில் போய் H2 பிறகு வருகிறது என்றா?

கரைசல் எழுதியது:

மழைத்துளி, நடக்கும் முறையை இந்த அட்டவணை நேரடியாகச் சொல்லாது; நாம் ஊகிக்கும் முறை இந்த வேக விதியோடு முரண்படாமல் இருக்க வேண்டும், அதைத்தான் சொல்லும். யாழ்வாசி அண்ணா, இப்போது என் தயக்கம் புரிகிறதா?

யாழ்வாசி எழுதியது:

ஒருவர் பிழையாக விளங்கிக்கொண்டால் சொல்லின் குற்றமா? :)

ஆய்வகத்து அக்கா எழுதியது:

சொல்லை நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள், எனக்கு அந்த எண்ணே ஒழுங்காக வருவதில்லை. பெர்சல்பேட்டும் அயோடைடும் வினைபுரியும் சோதனையைச் செய்ய வைக்கிறோம், ஸ்டார்ச் நீலமாகும் நேரத்தைக் குறித்து. இரண்டுக்கும் அடுக்கு 1 வர வேண்டும். KI-ஐப் பாதியாக்கி மீதிக்குத் தண்ணீர் ஊற்றுகிறோம், ஒவ்வொரு தடவையும் அடுக்கு 1-க்குக் கொஞ்சம் மேலேயே போய் நிற்கிறது. கடிகாரத்தில் தப்பு என்றால் ஒருமுறை கூட, ஒருமுறை குறைய வர வேண்டாமா?

பழைய வாத்தியார் எழுதியது:

ஒரே பக்கம் சாய்வதால் அது கடிகாரம் இல்லை அம்மா, தண்ணீர். S2O8²⁻, I⁻ இரண்டுமே எதிர்மின் அயனிகள், ஒரே வகை மின்சுமை என்பதால் ஒன்றையொன்று தள்ளும். சுற்றிலும் மற்ற அயனிகள் நிறைய இருந்தால் அந்தத் தள்ளல் மட்டுப்பட்டு வினை விரையும். நீங்கள் தண்ணீர் ஊற்றும்போது அயோடைடு மட்டுமா குறைகிறது, மொத்த உப்பும் குறைகிறது; வேகம் பாதிக்கும் கீழே போகிறது, அடுக்கு வீங்கித் தெரிகிறது. தண்ணீருக்குப் பதிலாக அதே செறிவுள்ள KNO3 கரைசலை ஊற்றுங்கள். பெர்சல்பேட்டைக் குறைக்கும்போது அம்மோனியம் பெர்சல்பேட்டாக இருந்தால் அம்மோனியம் சல்பேட்டு. ஒன்றை மட்டும் மாற்றினோம் என்று அட்டவணை சொன்னால் போதாது, குடுவையிலும் ஒன்றுதான் மாறியிருக்க வேண்டும்.

ஆய்வகத்து அக்கா எழுதியது:

ஓ, KNO3 எதற்கு என்று செய்முறைக் குறிப்பைப் பார்க்கும்போதெல்லாம் யோசிப்பேன், வினையில் சேராத உப்புதானே என்று விட்டுவிட்டோம். அடுத்த வாரம் செய்து பார்க்கிறேன்.

நெடுவழி எழுதியது:

சரி, குணகம் வேண்டாம். 'படி'? பல்லுறுப்புக் கோவையின் படி என்கிறோமே. வினைப்படி, அழகாகவும் இருக்கிறது.

பழைய வாத்தியார் எழுதியது:

அழகுதான், ஆனால் 'முதல் படி வினை' என்றால் வினை வழிமுறையின் முதல் படிநிலை என்றே எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள், மழைத்துளி கேட்ட கேள்வி திரும்ப வரும். அடுக்குக்கு இன்னொரு வசதி: ஓசோன் சிதையும்போது வேகம் = k[O3]²/[O2]. 'O2-இன் அடுக்கு −1' என்று சொல்லிவிடலாம், 'எதிர் ஒன்றாம் வகை' என்றால் கேட்பவர் ஓடிவிடுவார். கரைசல், இதையும் பாடத்தில் சேருங்கள்: தூய ஓசோனை மட்டும் வைத்துத் தொடக்க வேகம் அளந்தால் O2-இன் பங்கு அட்டவணையில் வராது. அதைப் பிடிக்க வேண்டுமென்றால் தொடங்கும்போதே வெவ்வேறு அளவில் O2 கலந்து வைக்க வேண்டும்.

கரைசல் எழுதியது:

அப்படியானால் தனித்தனி எண்ணுக்கு 'அடுக்கு', கூட்டுத்தொகைக்கு 'வினைவகை', இலங்கை வாசகர்களுக்காக முதல் இடத்தில் 'வரிசை' என்றும் ஒரு குறிப்பு. இப்படி எழுதப் போகிறேன்.

யாழ்வாசி எழுதியது:

குறிப்புக்கு நன்றி, நான் வரிசையை விடுவதாயில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன்: H2 + Br2 வினையில் HBr சேரச்சேர வேகம் குறைகிறது, வேக விதியின் கீழ்ப்பக்கத்தில் ஒரு கூட்டலே இருக்கிறது. தொடக்கத்தில் H2-க்கு 1, Br2-க்கு ½, கூட்டினால் ஒன்றரை. HBr வந்தபிறகு எதைக் கூட்டுவது?

பழைய வாத்தியார் எழுதியது:

கூட்ட எதுவும் இல்லை, அங்கே மொத்த வினைவகை என்று ஒன்று கிடையாது. அதற்கு யாராவது ஒரு சொல் யோசியுங்கள், 'வகையிலி' என்பது எனக்கே பிடிக்கவில்லை.