பள்ளிக்குத் தரும் விளக்கக் கடிதம்: ஆசிரியர்கள் உதவ வேண்டும்

வணக்கம். எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகன், மதிய இடைவேளையில் கழிவறைப் பக்கம் ஒரு மாணவனைத் தள்ளி மிரட்டினான் என்று புகார். ஆனால் அப்போது என் மகன் நூலகத்தில் இருந்தான். வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள்.

குறுக்கே பேசாமல் அவனைச் சொல்லவிட்டு, அவன் வார்த்தையிலேயே எழுதிக்கொண்டோம். பிறகு நேர வரிசையில் அடுக்கினோம்: 12.40க்குச் சாப்பாடு, 12.55க்கு நூலகப் பதிவேட்டில் கையெழுத்து, 1.20க்கு வகுப்பு. பிறர் சொல்லிக் கேட்டதையெல்லாம் நீக்கிவிட்டோம். "அந்தப் பையன் பொய் சொல்கிறான்" என்று என் கணவர் எழுதியிருந்த வரியையும் எடுத்துவிட்டேன். அந்தப் பிள்ளையை வேறு யாராவது தள்ளியிருக்கலாம், பாவம்.

போன மாதம் கிரிக்கெட்டில் இருவருக்கும் வாய்த்தகராறு வந்தது உண்மை. அதை மறைத்தால் மற்றதையும் நம்பமாட்டார்கள் என்று சேர்த்திருக்கிறோம். கேமராப் பதிவு சில நாளில் தானாக அழிந்துவிடும் என்பதால், அதை எடுத்துவைக்கக் கேட்டுத் தனிக் கடிதம் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கினோம்.

நூலகத்தில் உடனிருந்த பிள்ளைகளின் பெயரைக் கடிதத்தில் எழுதலாமா? அவர்கள் பெற்றோரிடம் முதலில் கேட்க வேண்டுமா? அல்லது பதிவேட்டைப் பாருங்கள் என்று மட்டும் எழுதினால் போதுமா? இப்படிப்பட்ட விசாரணையில் உட்கார்ந்த ஆசிரியர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.