அன்சப்ஸ்கிரைப் கொடுத்தும் ப்ரோமோ மெயில் நிக்கவே இல்ல, எது நிஜ லிங்க் எது ட்ராப்புன்னு எப்படி பாக்கறது?

மலைக்கோட்டை_வாசி

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ரெண்டு விதமான மெயில் விடாம வந்துட்டே இருக்கு. ஒண்ணு ஒரு ஆன்லைன் துணிக்கடை, அதுல முன்னாடி நிஜமாவே ஆர்டர் போட்டிருக்கேன். மெயிலோட அடியில இருக்கற அன்சப்ஸ்கிரைப்ப தட்டினா ஒரு பேஜ் வருது, மெயில் ஐடி கேக்குது, அடிச்சு கொடுத்தா "நீங்க லிஸ்ட்ல இருந்து நீக்கப்பட்டீங்க"ன்னு காட்டுது, ஆனா அடுத்த வாரமே திரும்ப ஆஃபர் மெயில் வந்துடுது. இன்னொண்ணு "உங்க லோன் அப்ரூவ் ஆயிடுச்சு"ன்னு, நான் லோனே கேக்கல. அதுல அன்சப்ஸ்கிரைப்ப அமுக்கினா போன் நம்பர் கேட்டுச்சு, கொடுக்காம மூடிட்டேன்.

ஷாப் மெயில் வர்றது என் பழைய காலேஜ் ஐடிக்கு, அங்கேர்ந்து ஜிமெயிலுக்கு ஃபார்வர்டு ஆகுது. ரெண்டுக்கும் என்ன பண்றது, எதை நம்பறது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ரவி_டெக்

ப்ரோ எந்த மெயில்லயும் அன்சப்ஸ்கிரைப் தொடவே தொடாதீங்க. தொட்டா நம்ம ஐடி உயிரோட இருக்குன்னு அவனுக்கு கன்ஃபார்ம் ஆயிடும், இன்னும் பத்து பேருக்கு வித்துடுவான். எல்லாத்தையும் ஸ்பேம்ல போட்டு விடுங்க, வேற வழியே கிடையாது.

மெயில்சர்வர்_அண்ணாச்சி

ரவி தம்பி சொன்னது லோன் மெயிலுக்கு சரி, கடை மெயிலுக்கு சரியில்ல. நீங்க காசு கொடுத்து பொருள் வாங்கின கடைக்கு உங்க ஐடி உயிரோட இருக்குன்னு ஏற்கனவே தெரியும், அங்க அன்சப்ஸ்கிரைப் கொடுக்கறதால புதுசா எதுவும் போய் சேராது. அதை ஸ்பேம்னு அமுக்கிட்டா நாளைக்கு அதே கடையில ஆர்டர் போடும்போது பில்லும் டெலிவரி மெயிலும் கூட ஸ்பேமுக்கு போகலாம்.

மலைக்கோட்டை, ஒரு வேலை பண்ணுங்க. போன் ஆப்ல இது கிடைக்காது, கம்ப்யூட்டர்ல ப்ரௌசர்ல ஜிமெயில திறந்து, மெயிலோட வலது பக்கம் மூணு புள்ளிய தட்டி `Show original` கொடுங்க. ரெண்டு மெயிலுக்கும் ஹெட்டர் போடுங்க, உங்க ஐடிய மட்டும் மறைச்சுடுங்க. அப்புறம் நீங்க அந்த கடை பேஜ்ல எந்த ஐடிய டைப் பண்ணீங்கன்னு சொல்லுங்க. எனக்கு சந்தேகமே அங்கதான்.

மலைக்கோட்டை_வாசி

ஜிமெயில் ஐடிதான் அண்ணே டைப் பண்ணேன், மெயில் அங்கதானே வருது. ஹெட்டர் இதோ, ஐடியும் டொமைனும் மாத்திட்டேன். கடை மெயில்:

```
To: old@college.example
From: offers@shop.example
Subject: [EXTERNAL] 40% OFF
List-Unsubscribe: <https://u.shop.example/x/7f3a>
List-Unsubscribe-Post: List-Unsubscribe=One-Click
```

மேல இருக்கற டேபிள்ல இதுக்கு DKIM: FAIL னு இருக்கு. லோன் மெயில்ல பாத்தா SPF, DKIM, DMARC மூணுமே PASS. அப்போ லோன் மெயில்தான் நல்லதா? தலை சுத்துது.

மெயில்சர்வர்_அண்ணாச்சி

நல்ல இடத்துல வந்து நின்னீங்க, நெறைய பேர் இங்கதான் தப்பா புரிஞ்சுக்கறாங்க. SPF, DKIM, DMARC மூணும் அனுப்பின டொமைன சரிபாக்கற சோதனைங்க. PASS ன்னா "இந்த மெயில் இந்த டொமைன்ல இருந்துதான் வந்துச்சு"ங்கறது மட்டும்தான், அந்த டொமைன்காரன் யோக்கியமானவன்னு யாரும் சான்று கொடுக்கல. ஏமாத்தறவன் ஒரு டொமைன் வாங்கி அதுக்கு ஒழுங்கா கையெழுத்து செட் பண்ணா அவனுக்கும் மூணும் PASSதான். அதனால PASS பாக்கறதோட நிறுத்தாதீங்க, எந்த டொமைனுக்கு PASS ஆயிருக்குன்னு படிங்க. பேங்க் பேர்ல வந்த மெயில், ஆனா DKIM பக்கத்துல சம்பந்தமே இல்லாத ஏதோ எழுத்துக் குவியலா ஒரு டொமைன் இருந்தா முடிஞ்சது கதை.

இப்போ கடை மெயில் ஏன் FAIL? சப்ஜெக்ட்ல `[EXTERNAL]` னு இருக்கு பாருங்க, அது கடை போட்டதா இருக்காது, உங்க காலேஜ் சர்வர் வெளி மெயிலுக்கெல்லாம் ஒட்டறது. DKIM கையெழுத்து சப்ஜெக்டையும் பாடியையும் சேத்து போடறது, நடுவுல ஒரு எழுத்து மாறினாலும் ஒடஞ்சுடும். கடை தப்பு பண்ணல, வழியில வந்த மாத்தம்.

அது ஒடஞ்சதால இன்னொரு விளைவும் இருக்கு. ஜிமெயில்ல அனுப்பினவர் பேர் பக்கத்துல ஜிமெயிலே ஒரு `Unsubscribe` காட்டும் இல்லையா, அது இந்த மெயில்ல வருதா?

மலைக்கோட்டை_வாசி

இல்லண்ணே, வேற கடை மெயில்லல்லாம் வருது, இதுல மட்டும் இல்ல. இப்பதான் கவனிச்சேன்.

மெயில்சர்வர்_அண்ணாச்சி

சரிதான். அந்த பட்டன் வேலை செய்யறது ஹெட்டர்ல இருக்கற அந்த List-Unsubscribe ரெண்டு வரிய வச்சுதான். 2017ல வந்த ஆர்எஃப்சி 8058ங்கற இணைய விதிமுறை ஆவணத்துல, அந்த ரெண்டு வரியும் செல்லுபடியாகற DKIM கையெழுத்துக்குள்ள இருக்கணும்னு இருக்கு, இல்லன்னா நடுவுல எவனாவது அந்த முகவரிய மாத்தி வைக்க முடியும். உங்களுக்கு கையெழுத்து ஒடஞ்சதால ஜிமெயில் பட்டன காட்டலன்னு நெனைக்கறேன், ஜிமெயில் உள்ள வேற என்ன கணக்கு வச்சிருக்குன்னு வெளிய சொல்றதில்ல.

உங்க முதல் சிக்கலுக்கு வருவோம். கடை லிஸ்ட்ல இருக்கறது காலேஜ் ஐடி, நீங்க நீக்கச் சொன்னது ஜிமெயில் ஐடி. லிஸ்ட்லயே இல்லாத ஐடிய நீக்கிட்டோம்னு அந்த பேஜ் சொல்லுச்சு. "இந்த ஐடி எங்ககிட்ட இல்ல"ன்னு சொல்லிட்டா, யார் வேணா யாரோட ஐடியும் போட்டு அவங்க கஸ்டமரான்னு கண்டுபிடிச்சுடலாம், அதனால பல சைட்ல எதை அடிச்சாலும் ஒரே பதில்தான் காட்டுவாங்க. காலேஜ் ஐடிய டைப் பண்ணி திரும்ப கொடுங்க. ஃபார்வர்டு மெயில் வச்சிருக்கற எல்லாரும் முதல்ல `To:` வரியத்தான் பாக்கணும்.

சுந்தரி_மார்க்கெட்டிங்

நான் ஒரு கம்பெனில ப்ரோமோ மெயில் அனுப்பற டீம்லதான் வேலை பாக்கறேன், எங்க பக்கத்துல இருந்து ஒண்ணு சொல்றேன். லிங்க்க தட்டின உடனே நீக்கிடற மாதிரி முன்னாடி நெறைய பேர் வச்சிருந்தாங்க, ஆனா ஆபீஸ் மெயில்ல இருக்கற செக்யூரிட்டி ஸ்கேனர் வைரஸ் இருக்கான்னு பாக்க மெயில்ல இருக்கற எல்லா லிங்க்கையும் தானே திறந்து பாக்கும், அதுல அன்சப்ஸ்கிரைப் லிங்க்கும் திறந்து ஆளுக்கே தெரியாம லிஸ்ட்ல இருந்து போயிடுவாங்க. அதனாலதான் இப்போ பல இடத்துல பேஜ் திறந்ததும் கீழ ஒரு கன்ஃபார்ம் பட்டன் இருக்கும், அதை அமுக்கினாதான் கணக்கு. போன்ல அந்த பட்டன் ஸ்க்ரோல் பண்ணாதான் தெரியும், ஜனங்க பேஜ் வந்ததுமே முடிஞ்சுதுன்னு மூடிடறாங்க, அப்புறம் எங்களுக்கு திட்டு மெயில் போடறாங்க.

இன்னொண்ணு, லிங்க்க தட்டினா வெறும் வெள்ளை பேஜ் வந்தா உடனே ட்ராப்புன்னு நெனைக்காதீங்க. லிங்க் எல்லாம் க்ளிக் எண்ணற ஒரு டொமைன் வழியா போகும், உங்க ஆட் ப்ளாக்கர் அதை தடுத்திருக்கும். ஆட் ப்ளாக்கர ஒரு நிமிஷம் ஆஃப் பண்ணி பாருங்க.

ரவி_டெக்

அக்கா இவ்வளவு நல்லவங்களா இருந்தா ஏன் ஒரே க்ளிக்ல விட மாட்டேங்கறீங்க? நான் இன்னும் என் பேச்சுல நிக்கறேன், ஸ்பேம்தான் பெஸ்ட்.

சுந்தரி_மார்க்கெட்டிங்

தம்பி, 2024ல இருந்து ஜிமெயிலும் யாஹூவும் பெரிய அளவுல அனுப்பறவங்களுக்கு ஒரே க்ளிக்க கட்டாயமாக்கிட்டாங்க, ஜிமெயில்ல பெரிய அளவுன்னா ஒரு நாளைக்கு 5000 மெயில்னு வச்சிருக்காங்க, ரெண்டு நாளுக்குள்ள நீக்கணும்னும் இருக்கு. அந்த ஒரே க்ளிக்தான் மேல ஜிமெயில் காட்டற பட்டன், மெயிலோட அடியில இருக்கற லிங்க் இல்ல. ஸ்கேனர் லிங்க்க சும்மா திறக்கறதுக்கும் அந்த பட்டன் அனுப்பற கோரிக்கைக்கும் வித்தியாசம் இருக்கறதால அங்க கன்ஃபார்ம் தேவையில்ல. பட்டன் தெரிஞ்சா அதையே அமுக்குங்க.

குமார்_வேலூர்

எனக்கும் இதே பிரச்சனை சார், தினமும் லோன் மெசேஜ் போன்ல வருது, அன்சப்ஸ்கிரைப் எங்க இருக்குன்னே தெரியல.

மெயில்சர்வர்_அண்ணாச்சி

குமார், நீங்க சொல்றது எஸ்எம்எஸ், இங்க பேசறது ஈமெயில். எஸ்எம்எஸ்ஸுக்கு 1909க்கு START 0 ன்னு அனுப்புங்க, அது டிராய் விதி. ஈமெயிலுக்கு அந்த டிஎன்டி செல்லாது.

டொராண்டோ_தம்பி

இங்க கனடால 10 வேலை நாளுக்குள்ள நிறுத்தணும்னு சட்டமே இருக்கு, அமெரிக்காலயும் அதே 10 நாள், அங்க கூடுதலா மெயில் ஐடி தவிர வேற விவரம் கேக்கவே கூடாது. அதனால அன்சப்ஸ்கிரைப் பேஜ் போன் நம்பர் கேட்டா எனக்கு அதுவே போதும், மூடிடுவேன்.

மலைக்கோட்டை_வாசி

லோன் மெயில கம்ப்யூட்டர்ல மவுஸ் வச்சு பாத்தேன். "அப்ளை நவ்" பட்டன், நடுவுல இருக்கற படம், அடியில அன்சப்ஸ்கிரைப் மூணுமே ஒரே முகவரிக்கு போகுது, கடைசி எழுத்துகூட மாறல.

மெயில்சர்வர்_அண்ணாச்சி

அதுக்கு மேல ஆதாரம் வேண்டாம். நிஜமா அனுப்பறவன்கிட்ட ஆளுக்கு ஆள் மாறற ஒரு குறியீடு அன்சப்ஸ்கிரைப் லிங்க்ல இருக்கும், அப்ளை லிங்க் வேற இடத்துக்கு போகும். இவன் அன்சப்ஸ்கிரைப்ப தட்டற ஆளையும் ஃபார்ம் நிரப்பத்தான் கூட்டிட்டு போறான், போன் நம்பர் கேட்டதும் அதான், அடுத்து ஓடிபி கேட்டிருப்பான். இங்க ரவி சொன்னதுதான், ஸ்பேம்ல போடுங்க. பேஜ திறந்து மூடினதால மட்டும் பயப்பட வேண்டாம், நீங்க எதுவும் கொடுக்கலல்ல. மெயில் கொஞ்சம் அதிகமா வரலாம், அவ்வளவுதான்.

போன்ல பாக்கறவங்க லிங்க்க தட்டாம அழுத்திப் பிடிங்க, முகவரி தெரியும். ஒரு எச்சரிக்கை, கடைங்க வெளிக் கம்பெனி மூலமா மெயில் அனுப்பறதால லிங்க் டொமைன் கடை பேரா இல்லாம போறது சகஜம், அதை மட்டும் வச்சு முடிவு பண்ணிடாதீங்க. அந்த கடையோட நீங்க எப்பவாவது பேசியிருக்கீங்களாங்கறத முதல்ல பாருங்க.

மலைக்கோட்டை_வாசி

காலேஜ் ஐடிய அடிச்சு கொடுத்தேன், கீழ கன்ஃபார்ம் பட்டனும் இருந்துச்சு, சுந்தரி அக்கா சொன்ன மாதிரியே ஸ்க்ரோல் பண்ணதும் தெரிஞ்சுது. ஆனா மறுநாள் ஒரு மெயில் வந்துடுச்சு, பில் மாதிரி இருக்கு, அடியில கூப்பன் ஒட்டியிருக்கு.

சுந்தரி_மார்க்கெட்டிங்

பில், டெலிவரி, பாஸ்வேர்டு மாதிரி மெயிலுக்கு அன்சப்ஸ்கிரைப் பொருந்தாது, அது வேற சிஸ்டத்துல இருந்து போகும். பில்லுக்கு அடியில கூப்பன் ஒட்டறது எனக்கே பிடிக்காத வேலை, எங்க டீம்லயும் இதுல சண்டை நடக்கும். பழைய ஆர்டர் எதுவும் இல்லாம வெறும் கூப்பனா வந்தா அது ப்ரோமோதான், அப்போ அவங்க கஸ்டமர் கேருக்கு காலேஜ் ஐடிய குறிப்பிட்டு எழுதுங்க.

மலைக்கோட்டை_வாசி

ஆர்டர் போட்டு ரொம்ப நாள் ஆச்சு அக்கா, பில் வர்ற அளவுக்கு எதுவும் இல்ல. எழுதறேன், பதில் வந்தா இங்க போடறேன். அந்த `[EXTERNAL]` விஷயத்த காலேஜ் கம்ப்யூட்டர் டீம்கிட்டயும் கேக்கலாமா அண்ணே, ஃபார்வர்டு ஆகற மெயிலுக்கு மட்டும் ஒட்டாம விட முடியுமா?

மெயில்சர்வர்_அண்ணாச்சி

கேட்டுப் பாருங்க, அவங்க சர்வர பொறுத்தது. மாணவர்கள் ஏமாறக்கூடாதுன்னுதான் ஒட்டறாங்க, அதனால ஒத்துக்க மாட்டாங்கன்னு தோணுது. அதுக்கு பதிலா கடை அக்கவுன்ட்ல மெயில் ஐடிய நேரா ஜிமெயிலுக்கு மாத்திடுங்க, கையெழுத்து ஒடையாது, அடுத்த தடவை மேல பட்டன் வர வாய்ப்பு இருக்கு.